முகத்துத் துளைகள் எடுபடாமல் மேக்கப் போடுவது எப்படி? யாழ்ப்பாண வெக்கைக்கு ஒரு வழிகாட்டி

மூக்கின் இரு பக்கத்திலும், அதை ஒட்டிய கன்னத்திலும் தெரிகிற சின்னத் துளைகளை நிரந்தரமாக மூட எந்தப் பூச்சாலும் முடியாது. ஒவ்வொரு துளையும் ஒரு மயிர்க்காலும் அதோடு சேர்ந்த எண்ணெய்ச் சுரப்பியும் வெளியே திறக்கிற வாய். அதைத் திறந்து மூட அங்கே தசை எதுவும் இல்லை. ஆவி பிடித்தால் திறக்கும், ஐஸ் கட்டி வைத்தால் மூடும் என்று வீட்டில் சொல்வார்கள். ஆவியில் உள்ளே இருக்கும் எண்ணெய் கொஞ்சம் இளகும், ஐஸில் சிவப்பும் வீக்கமும் சற்று நேரம் குறையும், அவ்வளவுதான். துளையின் அளவைப் பெரும்பாலும் பரம்பரையும் எண்ணெய் சுரக்கும் அளவும் தீர்மானிக்கின்றன. வயது ஏற ஏறவும், வெயில் பட்டுப் பட்டுத் தோலின் இறுக்கம் குறையும்போதும் அது இன்னும் பெரிதாகத் தெரியும்.

ஆனால் துளை இருப்பது வேறு, அது கண்ணில் படுவது வேறு. கண்ணில் படுவதற்கு மூன்று காரணங்கள் இருக்கின்றன. ஒன்று, பள்ளத்துக்குள் விழும் நிழல். இரண்டு, உள்ளே தேங்கி நிற்கும் எண்ணெயும் இறந்த தோலும். வெளிக்காற்றுப் பட்டு அதன் நிறம் மங்கி, புள்ளியாகத் தெரியும். மூன்று, துளையைச் சுற்றியுள்ள தோலின் பளபளப்பு. சுற்றிலும் மினுங்கினால் நடுவில் உள்ள பள்ளம் இன்னும் கறுப்பாகத் தெரியும்.

நிழல் எவ்வளவு வேலை செய்கிறது என்பதற்கு நல்லூர் வீதி மணலைப் பாருங்கள். உச்சி வெயிலில் காலடித் தடம் பெரிதாகத் தெரியாது. பின்னேரம் வெயில் சரிந்ததும் அதே தடங்கள் ஒவ்வொன்றும் ஆழமாகத் தெரியும். மணல் மாறவில்லை, வெளிச்சம் வருகிற பக்கம்தான் மாறியது. முகமும் அப்படித்தான். ஜன்னலுக்குப் பக்கவாட்டில் நின்று பார்த்தால் துளைகள் கூடுதலாகத் தெரியும், வெளிச்சத்துக்கு நேரே நின்றால் குறையும்.

இந்த மூன்று காரணங்களுக்கும் தனித்தனி வேலை இருக்கிறது. உள்ளே தேங்கியதை மெல்ல அகற்றுவது இறந்த தோல் நீக்கம். நிழலைக் குறைப்பது, ஃபவுண்டேஷனுக்கு முன் பூசும் ப்ரைமர். பளபளப்பையும் நிற வேறுபாட்டையும் சமன் செய்வது ஃபவுண்டேஷனும் பவுடரும். ஒன்று செய்யவேண்டியதை மற்றதைக் கொண்டு செய்விக்கப் பார்க்கும்போதுதான் முகம் மாப் பூசியது போல ஆகிவிடுகிறது.

இதை ஒரு கலியாணத்தை வைத்தே சொல்கிறேன். என் மச்சாள் ஒருத்தியின் தமையனுக்கு ஆவணியில் முகூர்த்தம். மாப்பிள்ளையின் தங்கை என்பதால் அவள்தான் தோழி. தோழி என்றால் காலையிலிருந்து பொம்பிளைக்குப் பக்கத்திலேயே நிற்க வேண்டும், ஓமப் புகைக்குக் கிட்ட இருக்க வேண்டும், எல்லாப் படத்திலும் விழ வேண்டும். அவளுக்கு மூக்கிலும் உள்கன்னத்திலும் எண்ணெய் வடியும், கன்னத்தின் வெளிப்பக்கம் சாதாரணத் தோல். மூக்கு மடிப்பில் மட்டும் எப்போதும் கொஞ்சம் தோல் உரியும். நம் ஊரில் நான் பார்க்கும் முகங்களில் இந்தக் கலவைதான் அதிகம்.

ஆறு கிழமைக்கு முன்பே தொடங்குவது

தோல் நீக்கம் முதல் நாள் இரவு செய்கிற வேலை இல்லை. தோலின் மேற்படை புதுப்பிக்கக் கிழமைக் கணக்கில் நேரம் எடுக்கும். மூக்கில் சாம்பல் நிறப் புள்ளிகளாகத் தெரிபவை பெரும்பாலும் கரும்புள்ளிகளும் அல்ல; எண்ணெய் மேலே ஏறி வரும் வழியில் உருவாகும் மெல்லிய இழைகள். நசுக்கி எடுத்தாலும் ஒட்டுத்துண்டு போட்டு இழுத்தாலும் ஒரு மாதத்துக்குள் திரும்ப நிரம்பிவிடும். நசுக்கியதால் வந்த காயமும் கறுப்பும் மட்டும் மிஞ்சும்.

இதற்குப் பொருத்தமானது சாலிசிலிக் அமிலம். அது எண்ணெயில் கரையும் என்பதால் துளைக்குள் இறங்கி வேலை செய்யும். கடையில் மருத்துவச் சீட்டு இல்லாமல் கிடைப்பவை பெரும்பாலும் 0.5 முதல் 2 சதவீதம் வரை இருக்கும். புதிதாகத் தொடங்குபவர்கள் கிழமையில் இரண்டு இரவு போட்டால் போதும். முகம் கழுவி, ஒற்றித் துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகு மூக்கு, உள்கன்னம், நாடி ஆகிய இடங்களில் மட்டும் மெல்லியதாகத் தடவி, சில நிமிடம் விட்டு, மேலே மாய்ஸ்சரைசர். கண்ணைச் சுற்றியும் உரிகிற மூக்கு மடிப்பிலும் படக்கூடாது. இரண்டு கிழமை எந்தக் குறையும் இல்லாமல் போனால் மூன்று இரவாக்கலாம். அதற்கு மேல் போக எண்ணெய்த் தோலுக்கும் அவசியம் இல்லை. அஸ்பிரின் ஒத்துக்கொள்ளாதவர்கள் இதைத் தவிர்க்க வேண்டும். கர்ப்பிணிகள் மருத்துவரைக் கேட்டுவிட்டுத்தான் தொட வேண்டும்.

கூடிப் போய்விட்டது என்பதை எப்படி அறிவது? வழக்கமாகப் போடுகிற மாய்ஸ்சரைசரே எரியும். முகம் இழுத்துப் பிடித்தது போல இருக்கும். எண்ணெய் இல்லாமலே நெற்றியும் கன்னமும் பொலித்தீன் மினுக்கம் போல மினுங்கும். அப்போது அமிலத்தை முழுவதுமாக நிறுத்தி, வெறும் மாய்ஸ்சரைசரோடு ஒன்றிரண்டு கிழமை விட வேண்டும். எரிச்சலோடு தொடர்ந்தால் நம் நிறத் தோலில் அது கறுப்புத் திட்டாக மாறி மாதக் கணக்கில் நிற்கும்.

இங்கே தேசிக்காயைப் பற்றிச் சொல்லாமல் விட மனமில்லை. அம்மம்மா காலத்திலிருந்து பயத்தம் மாவில் தேசிக்காய்ப் புளி விட்டு முகத்துக்குப் பூசுகிறோம். பயத்தம் மா பிரச்சினை இல்லை, மெதுவாகப் பூசி, காய்ந்து இறுகுமுன் கழுவினால் எண்ணெயை எடுக்கும். தேசிக்காய்ச் சாறு வேறு. அமிலத்தன்மையைக் காட்டும் பிஎச் எண் தோலுக்குக் கிட்டத்தட்ட 5 என்றால் தேசிக்காய்க்கு 2 அளவில் இருக்கும், எண் குறையக் குறைய அமிலம் கூடும். அதைவிட, அதில் உள்ள சில பொருட்கள் வெயில் பட்டதும் தோலைச் சுட்டுவிடும். கொப்புளமோ கரும் திட்டோ வரும். பூசிவிட்டு முற்றத்தில் நின்றாலே போதும். சீனி, உப்பு, அரைத்த கொட்டை போன்ற கரடான தேய்ப்புகளும் வேண்டாம். அவை மேலே கீறும், துளைக்குள் இறங்காது.

அமிலம் போடும் காலத்தில் பகலில் சன்ஸ்கிரீன் கட்டாயம். குறைந்தது எஸ்பிஎஃப் 30, இரண்டு விரல் நீளத்துக்குப் பிதுக்கி, முகத்துக்கும் கழுத்துக்கும். வெயில்தான் தோலைத் தளர்த்தித் துளையைப் பெரிதாகக் காட்டுகிறது என்பதால் இதையும் துளைக்கான வைத்தியமாகவே பார்க்கலாம்.

எழுத்தே இல்லாத டப்பாவில் வரும் வெள்ளையாக்கும் கிரீம் பாவிப்பவர்கள் இந்தப் படியைத் தொடங்கவே கூடாது. அப்படியானவற்றில் ஸ்டீரொய்டோ பாதரசமோ கலந்திருக்கலாம். ஸ்டீரொய்டு தோலை மெலிதாக்கும், மெலிந்த தோலில் அமிலம் பட்டால் வெந்துவிடும். முதலில் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

கிணற்றுத் தண்ணீரும் சவர்க்காரமும்

இது நம் ஊருக்கே உரிய சிக்கல். யாழ்ப்பாணத்து நிலத்தடி நீர் சுண்ணாம்புக் கல்லுக்குள் தேங்கி நிற்பது. கேத்தல் அடியில் வெள்ளையாகப் படிவது அதனால்தான். இந்தக் கடினத் தண்ணீரில் சவர்க்காரம் போட்டால் தண்ணீரில் உள்ள கல்சியத்தோடு சேர்ந்து கரையாத படிவாகிறது. அந்தப் படிவு முகத்திலும் மெல்லியதாக ஒட்டி நிற்கும். கழுவிய பிறகு முகம் பிசுபிசுப்பாகவும் அதே நேரம் இறுக்கமாகவும் இருந்தால் அதுதான். அதன்மேல் ப்ரைமர் போட்டால் சீராக ஒட்டாது.

சவர்க்காரம் அல்லாத ஜெல் வகை முகக் கழுவி இந்தத் தண்ணீரிலும் படிவு விடாது. விலை கூடியது தேவையில்லை, வாசனை குறைந்ததாக இருந்தால் நல்லது. கிணற்றுத் தண்ணீர் உப்பாக உள்ள இடங்களில், முக்கியமான நாளில் மட்டும் கடைசிக் கழுவலுக்கு ஒரு கோப்பை வடிகட்டிய தண்ணீர் வைத்துக்கொள்ளுங்கள். மச்சாளுக்கு அமிலத்தை விட இந்த மாற்றம்தான் முதலில் பலன் காட்டியது. மூக்கு மடிப்பில் உரிந்ததும் பெரிதளவு குறைந்தது.

ப்ரைமரைத் தெரிவதும் பொருத்தம் பார்ப்பதும்

துளையை மறைக்கும் ப்ரைமர் என்று விற்பவற்றில் பெரும்பாலானவை சிலிக்கோன் அடிப்படையிலானவை. பெட்டியின் பின்பக்கத்தில் டைமெத்திகோன், சைக்ளோபென்டாசிலோக்சேன் போன்ற பெயர்கள் முதல் சில இடங்களில் இருக்கும். விரலில் எடுத்தால் வழுவழுவென்று, கிட்டத்தட்ட மெழுகுபோல இருக்கும். இது பள்ளத்தை ஓரளவு நிரப்பும். அதோடு அதில் உள்ள நுண்ணிய துகள்கள் வெளிச்சத்தைச் சிதறடிப்பதால் நிழலின் ஓரம் கூர்மையாகத் தெரியாது. தண்ணீர் அடிப்படையிலான ப்ரைமர்கள் ஈரப்பதம் தருபவை, நல்லவைதான், ஆனால் துளையை நிரப்பும் வேலைக்கு அவை உதவுவது குறைவு. மினுக்கம் கலந்த ப்ரைமர் வேண்டவே வேண்டாம். துளையைச் சுற்றி மினுங்க வைத்து அதை எடுத்துக் காட்டும்.

அடுத்தது பொருத்தம். சிலிக்கோன் ப்ரைமருக்கு மேல் சிலிக்கோனே இல்லாத, தண்ணீர்த்தன்மையான ஃபவுண்டேஷன் போட்டால் பிடிக்காமல் போகலாம். சில நேரம் திட்டுத் திட்டாகப் பிரியும், சில நேரம் தேய்க்கும்போது சின்னச் சின்ன உருண்டைகளாக உருண்டு வரும். ஃபவுண்டேஷன் பெட்டியில் தண்ணீர் முதலில் எழுதியிருப்பதை மட்டும் பார்த்து ஒதுக்கிவிடாதீர்கள். பலவற்றில் தண்ணீருக்கு அடுத்தபடியே சிலிக்கோன் வரும், அவை பொருந்தும். முதல் நாலைந்து பெயர்களை வாசித்தால் தெரிந்துவிடும்.

அதிலும் நிச்சயமான வழி, போட்டுப் பார்ப்பது. கலியாணத்துக்கு முதல் கிழமை ஒரு நாள், தாடை ஓரத்தில் மூன்று சின்ன இடம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் சன்ஸ்கிரீன் மட்டும். அடுத்ததில் சன்ஸ்கிரீனும் ப்ரைமரும். மூன்றாவதில் மூன்றும். பத்து நிமிடம் விட்டு விரலால் லேசாகத் தடவுங்கள். முதல் இடத்திலேயே உருண்டால் சன்ஸ்கிரீன்தான் காரணம், ப்ரைமரை மாற்றிப் பயனில்லை. மூன்றாவதில் மட்டும் உருண்டால் ப்ரைமரும் ஃபவுண்டேஷனும் ஒத்துப்போகவில்லை. மச்சாளுக்கு மூன்றாவதில்தான் உருண்டது. அவள் வாங்கி வைத்திருந்தது தண்ணீரும் கிளிசரினும் மட்டும் முன்னால் உள்ள ஃபவுண்டேஷன். அதை நாளாந்தப் பாவனைக்கு விட்டுவிட்டு, சிலிக்கோன் உள்ள மெட் ஃபவுண்டேஷன் ஒன்று எடுத்தோம்.

நிறத்தைப் பற்றியும் இந்த நேரத்தில்தான் முடிவெடுக்க வேண்டும். கலியாணம் என்றால் ஒரு நிறம் வெளிறித்தான் எடுப்பது என்று ஒரு பழக்கம் நமக்கு இருக்கிறது. துளை உள்ள முகத்துக்கு அது இரட்டை நட்டம். வெளிறிய பூச்சு துளையின் விளிம்பில் தங்கும், உள்ளே முழுதாக இறங்காது. அதனால் ஒவ்வொரு துளையும் வெளிறிய முகத்தில் கரும்புள்ளியாகத் தெரியும். கழுத்தோடும் தாடையோடும் பகல் வெளிச்சத்தில் கரைந்து போகிற நிறம்தான் துளையை மறைக்கும். அழகும் அதுதான் என்று நான் நினைக்கிறேன்.

கடைசி நாட்களுக்கு ஒரு சின்னக் கணக்கு. முகத்தில் நூலால் மயிர் எடுப்பதாக இருந்தால் அதற்கு முன்னும் பின்னும் இரண்டு மூன்று நாள் அமிலம் வேண்டாம். முகூர்த்தத்துக்கு முதல் இரவும் வேண்டாம். அந்தக் கிழமையில் எந்தப் புதுப் பொருளும் முகத்தில் படக்கூடாது. சொந்தக்காரர் வெளிநாட்டிலிருந்து கொண்டு வந்ததாக இருந்தாலும் பிறகு பார்க்கலாம்.

அன்று காலை

காலை முகூர்த்தம் என்றால் விடியப்புறம் நாலரைக்கு உட்கார வேண்டும். கதிரையை வெளிச்சத்துக்கு நேரே போடுங்கள், ஃபேன் பக்கத்தில் ஓடட்டும். வேர்த்தபடி இருக்கும் முகத்தில் எதுவும் பிடிக்காது. கண்ணாடியைக் கைநீட்டும் தூரத்தில் வையுங்கள். பெரிதாக்கிக் காட்டும் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு போட்டால் தேவைக்கு இரண்டு மடங்கு பூசிவிடுவீர்கள். அவ்வளவு கிட்ட வந்து யாரும் உங்கள் மூக்கைப் பார்க்கப் போவதில்லை.

முகம் கழுவி, துவாயால் தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். ஜெல் வகை மாய்ஸ்சரைசர் மெல்லியதாக. எண்ணெய்த் தோல்தானே என்று இதை விடக்கூடாது, காய்ந்த செதிளில் ஃபவுண்டேஷன் பிடித்து நிற்கும். மூக்கு மடிப்புக்கு இன்னும் ஒரு பொட்டு கூடுதலாக வையுங்கள். ஐந்து பத்து நிமிடம் கழித்து சன்ஸ்கிரீன், அதற்குப் பிறகு ஒரு கால் மணி நேரம் பொறுத்திருங்கள். அந்த நேரத்தில் தலை பின்னலாம், சாறி மடிப்புப் பிடிக்கலாம். பிறகு ஒரு டிஷ்யூவை முகத்தில் வைத்து அழுத்தி, மேலே மிதக்கும் எண்ணெயை எடுங்கள்.

இனி ப்ரைமர். மூக்கு, உள்கன்னம், நடு நெற்றி, நாடி எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு பட்டாணி அளவில் பாதி. முகம் முழுக்கப் போடத் தேவையில்லை. துளை தெரியாத கன்ன ஓரத்தில் ப்ரைமர் வெறும் பாரம். விரல் நுனியில் எடுத்து, மற்ற விரலோடு தேய்த்துச் சூடாக்கி, துளை உள்ள இடத்தில் அழுத்தி அழுத்தி வையுங்கள். பிறகு அதே விரலால் மிகச் சின்ன வட்டமாக, ஒருமுறை வலமாகவும் ஒருமுறை இடமாகவும் சுற்றி விடுங்கள். துளைகள் எல்லாம் ஒரே பக்கம் சரிந்திருப்பதில்லை, ஒரே திசையில் இழுத்தால் ஒரு விளிம்பில் மட்டும் தங்கும். கடைசியில் கீழ் நோக்கி அழுத்தி விட்டால் முகத்துப் பூனைமயிரும் படிந்துவிடும்.

"அக்கா, இன்னும் கொஞ்சம் போட்டால் இன்னும் மூடும்தானே?" என்று மச்சாள் கேட்டாள். எல்லோருக்கும் தோன்றுவதுதான். மூடாது. பள்ளம் நிரம்பிய பிறகு மிஞ்சும் ப்ரைமர் மேலே வழுக்கும் படலமாக நிற்கும். அதன்மேல் போடும் ஃபவுண்டேஷன் தோலைப் பிடிக்காமல் இந்தப் படலத்தைப் பிடித்துக்கொள்ளும், வேர்வை வந்ததும் இரண்டும் சேர்ந்து நழுவும். அளவு சரியா என்று பார்க்க விரலை வைத்து எடுங்கள். தோல் பட்டுப்போல இருந்து, விரல் வழுக்காமல் நின்றால் சரி. வழுக்கினால் டிஷ்யூவால் ஒற்றி எடுக்கலாம். ஐந்து நிமிடம் விடுங்கள்.

ஃபவுண்டேஷனைப் புறங்கையில் எடுத்துக்கொள்ளுங்கள், முகத்தில் நேரே பிதுக்காதீர்கள். முழு முகத்துக்கும் ஒன்றரைப் பட்டாணி அளவு தாராளம். ஸ்பொஞ்சை நனைத்து, துவாய்க்குள் வைத்து நன்றாகப் பிழிந்து, ஈரப்பதம் மட்டும் மிஞ்சும்படி வைத்திருங்கள். சொட்டும் ஸ்பொஞ்ச் பூச்சைக் கரைத்துத் திட்டாக்கும்.

மற்ற இடங்களில் ஸ்பொஞ்சாலேயே தட்டித் தட்டிப் போடலாம். துளை உள்ள இடத்துக்கு இரண்டு வேலை. முதலில் மயிர் அடர்த்தியான சின்னப் பிரஷில் மிகக் கொஞ்சம் தொட்டு, மேலும் கீழுமாக இழுக்காமல், குத்திக் குத்தியும் சின்ன வட்டமாகவும் வையுங்கள். இதில்தான் பூச்சு துளையின் உள்விளிம்பு வரை போகும். உடனே ஸ்பொஞ்சின் தட்டையான பக்கத்தால் அதே இடத்தை அழுத்துங்கள். மேலே நிற்கும் மிச்சத்தை ஸ்பொஞ்ச் எடுத்துவிடும், உள்ளே போனது நிற்கும். தேய்த்தால் கீழே உள்ள ப்ரைமரும் கிளம்பி வரும் என்பதால் முழுக்க முழுக்க அழுத்தல்தான்.

ஒரு மெல்லிய பூச்சுக்குப் பிறகு இரண்டு நிமிடம் விட்டுப் பாருங்கள். நிறம் சமனாகியிருந்தால் அங்கேயே நிறுத்துங்கள். எங்காவது சிவப்போ கறுப்போ தெரிந்தால் அந்த இடத்துக்கு மட்டும் இரண்டாவது பூச்சு. மூக்கில் எப்போதும் குறைவாக. வேர்வைக்கும் கைக்குட்டைக்கும் முதலில் ஆளாவது மூக்குத்தான், அங்கே தடிப்பாகப் போட்டால் முதலில் உடைவதும் அங்கேதான்.

பவுடர் போடுமுன் இன்னொரு முறை டிஷ்யூவை வைத்து லேசாக அழுத்துங்கள். பிறகு நிறமில்லாத நுண்பவுடரை பஃபில் எடுத்து, மடித்துத் தேய்த்து, உதறி, மூக்கிலும் உள்கன்னத்திலும் நாடியிலும் அழுத்துங்கள். கன்ன ஓரங்களில் வேண்டாம். பவுடரைக் குவித்து வைத்துப் பிறகு தட்டிவிடும் முறை இந்த வெக்கையில் எனக்குப் பிடிக்காது. எண்ணெய் வரவர அந்தப் பவுடர் குழைந்து, துளைக்குள் வெள்ளைப் பொட்டாகத் தங்கிவிடுகிறது. கன்ன மேட்டில் மினுக்கம் வைக்க ஆசை என்றால் வெளிப்பக்கமாக, கண்ணோரத்துக்குக் கீழே மட்டும். மூக்குப் பக்கம் வரக்கூடாது.

எழும்புவதற்கு முன் இரண்டு சோதனை. ஜன்னலடிக்குப் போய் முகத்தைப் பக்கவாட்டில் திருப்பிப் பாருங்கள். அடுத்து, அறையை இருட்டாக்கி கைபேசியில் ஃபிளாஷ் போட்டு ஒரு படம். மூக்கோ கண்ணடியோ வெள்ளையாக அடித்தால் பவுடரில் உள்ள சிலிக்காவோ சன்ஸ்கிரீனில் உள்ள துத்தநாக, டைட்டேனிய ஒக்சைடோ ஃபிளாஷைத் திருப்பி அனுப்புகிறது. பவுடர் என்றால் ஈர ஸ்பொஞ்சால் அழுத்தி எடுக்கலாம். சன்ஸ்கிரீன் என்றால் அன்று ஒன்றும் செய்ய முடியாது, அதனால் இந்தப் படத்தை ஒத்திகை நாளிலேயே எடுத்துப் பார்த்துவிட வேண்டும்.

மண்டபத்தில்

ஓமம் வளர்க்கத் தொடங்கியதும் மூக்கு நுனியிலும் மேலுதட்டிலும் வேர்வை துளிர்க்கும். ஈரத்தின் மேல் பவுடர் போட்டால் அந்த இடமே பசையாகிவிடும். முதலில் டிஷ்யூவை மடித்து, இழுக்காமல் வைத்து எடுங்கள், வேர்வை போகும். எண்ணெய் மினுக்கம் மிஞ்சினால் எண்ணெய் ஒற்றும் தாள். அதற்குப் பிறகும் மினுங்கினால் மட்டும் பவுடர், அதுவும் ஒரே அழுத்து. மச்சாளின் கைப்பையில் இந்த மூன்றும் மட்டும் இருந்தன. தாலி கட்டி முடிந்த பிறகு ஒருமுறையும், பந்திக்குப் பிறகு படமெடுக்க முன் ஒருமுறையும் ஒற்றினாள்.

அவளது வலப்பக்க மூக்கு மடிப்பில் மதியத்துக்குப் பூச்சு கொஞ்சம் பிரிந்தது. அப்படிப் பிரிந்தால் மேலே இன்னொரு பூச்சு வைக்காதீர்கள். சுத்தமான விரலால் அழுத்திப் பரப்பி, பிரிந்த விளிம்பைக் கரைத்துவிட்டால் போதும், அந்த இடத்தில் தோல் கொஞ்சம் தெரிந்தாலும் யாருக்கும் தெரியாது. தடித்துத் திட்டாக நிற்பதுதான் கண்ணில் படும்.

சில பள்ளங்கள் இவ்வளவு செய்தும் அப்படியே தெரியும். பழைய பருக்கள் விட்ட ஆழமான, ஊசியால் குத்தியது போன்ற தழும்புகள் துளைகள் அல்ல, ப்ரைமர் அவற்றை நிரப்பாது. கன்னத்தில் விரலால் தோலை மெல்ல இழுத்துப் பாருங்கள். ஆழமற்ற பள்ளம் இழுக்கும்போது சமனாகும், குத்துத் தழும்பு அப்படியே நிற்கும். அதற்குத் தோல் மருத்துவரிடம் வேறு சிகிச்சைகள் உண்டு. மேக்கப்பில் செய்யக்கூடியது நிறத்தைச் சமன் செய்து, மினுக்கத்தைக் குறைப்பது மட்டுமே.

இரவு கழுவுவது

சிலிக்கோன் ப்ரைமர் தண்ணீருக்கும் முகக் கழுவிக்கும் மட்டும் முழுதாகப் போகாது. களைப்பில் அப்படியே படுத்தால் அடுத்த நாட்களில் மூக்கோரத்தில் சின்னச் சின்ன முட்டுகளாக வரும். முதலில் மேக்கப் கரைக்கும் பாம் அல்லது கழுவும் எண்ணெய், காய்ந்த முகத்தில், காய்ந்த கையால். ஒரு நிமிடம் மெதுவாகச் சுற்றி, பிறகு கை நனைத்து வெள்ளையாகக் குழம்பும் வரை சுற்றி, கழுவுங்கள். அதற்கு மேல் ஜெல் முகக் கழுவி. வீட்டில் தேங்காய் எண்ணெய் மட்டும்தான் இருக்கிறது என்றால் அன்றைக்கு அதைப் பாவிக்கலாம். ஆனால் அது தானாகத் தண்ணீரில் கழுவுப்படாது, பலருக்குத் துளையையும் அடைக்கும், ஆகவே பஞ்சால் துடைத்தெடுத்துவிட்டு ஜெல்லால் இரண்டு முறை கழுவ வேண்டும். கழுவி முடித்து ஈரப் பஞ்சை மூக்கு மடிப்பில் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். நிறம் ஏறினால் இன்னும் மிச்சம் இருக்கிறது.

அன்று இரவும் அடுத்த இரவும் அமிலம் இல்லை, மாய்ஸ்சரைசர் மட்டும். ஸ்பொஞ்சையும் பிரஷையும் அன்றே கழுவிக் காற்றோட்டமாகக் காய வையுங்கள். ஈரத்தோடு பையில் கட்டிவைத்த ஸ்பொஞ்ச் இந்தக் காலநிலையில் சீக்கிரம் பூஞ்சணம் பிடித்துவிடும், கரும்பொட்டு ஏதாவது தெரிந்தால் எறிந்துவிடுங்கள்.